மூடிய அறையில் தீ: கதவைத் திறந்ததும் ஏன் சீறுகிறது?

தீ விபத்துச் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: "கதவைத் திறந்ததும் உள்ளே ஏதோ வெடித்தது." படிப்பவர்கள் உள்ளே கேஸ் சிலிண்டர் இருந்திருக்கும், பெட்ரோல் இருந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் அப்படி எதுவுமே இருந்திருக்காது. ஒரு சோபா, ஒரு மெத்தை, அவற்றிலிருந்து கிளம்பிய புகை ஆகியவையே அந்தச் சீற்றத்துக்குப் போதும்.

இதைப் பேசும்போது இரண்டு சொற்கள் காதில் விழும்: ஃப்ளாஷ்ஓவர், பேக்டிராஃப்ட். இரண்டையும் ஒன்றாகவே பாவிப்பவர்கள் அதிகம். தீ திடீரென்று பெருத்தால் எல்லாமே பேக்டிராஃப்ட் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் ஒன்றுக்குக் காரணம் வெப்பம், மற்றொன்றுக்குக் காரணம் காற்று. வீட்டுத் தீயில் பெரும்பாலும் நடப்பது இவற்றுக்கு நடுவில் உள்ள ஒரு மூன்றாவது வகை. பேச்சில் அதிகம் விடுபடுவதும் அதுதான். மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

## புகையும் எரிபொருள்தான்

ஈர விறகை அடுப்பில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். வெகுநேரம் புகைந்துகொண்டே இருக்கும், கண் எரியும், சுடர் வராது. குனிந்து ஓர் ஊது ஊதினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்த நொடியில் விறகில் புதிதாக எதுவும் சேரவில்லை. சூடும் இருந்தது, எரியக்கூடிய புகையும் இருந்தது. குறைந்திருந்தது காற்று மட்டுமே. மூடிய அறைத் தீயின் சாரம் இந்த ஓர் ஊதலில் இருக்கிறது.

மரமோ மெத்தையோ திடப்பொருளாக இருந்தபடியே சுடர்விட்டு எரிவதில்லை. சூடு ஏறும்போது அது சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாகக் கசிகிறது. இதற்கு வெப்பச் சிதைவு என்று பெயர். கசிந்த வாயு காற்றோடு கலந்து எரிவதைத்தான் நாம் சுடர் என்று பார்க்கிறோம். காற்று போதவில்லை என்றால் அந்த வாயு எரியாமலே மேலே போகிறது. கருப்பாகத் திரண்டு எழும் புகையில் கரித்துகள் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, இன்னும் பல எரியக்கூடிய வாயுக்கள் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு நச்சு என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே நன்றாக எரியும் வாயு என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே புகையைத் தீயின் கழிவாக மட்டும் பார்க்கக் கூடாது. கூரையில் தேங்கியிருக்கும் புகை, எரிவதற்குக் காத்திருக்கும் எரிபொருள்.

## ஃப்ளாஷ்ஓவர்: மேலிருந்து இறங்கும் வெப்பம்

கதவு திறந்திருக்கும் ஓர் அறையில் சோபாவின் ஒரு மூலையில் தீ பிடிக்கிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் எரிவது அந்த மூலை மட்டுமே. சூடான புகை மேலே போய்க் கூரையில் மோதி, பக்கவாட்டில் பரவி, சுவரைத் தொட்டதும் கீழ்நோக்கித் தடிக்கத் தொடங்கும். சிறிது நேரத்தில் அறை இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே சூடான புகை, கீழே ஓரளவு தெளிந்த காற்று.

இதற்குப் பிறகு, அறையில் உள்ள மற்ற பொருள்களுக்குச் சுடரைவிட அந்தப் புகை அடுக்கே பெரிய ஆபத்து. அது ஒரு மாபெரும் ஹீட்டரைப் போலக் கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெப்பம் சுமார் 1 கிலோவாட். புகை அடுக்கு 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது தரையில் விழும் வெப்பம் சதுர மீட்டருக்கு சுமார் 20 கிலோவாட்டைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் தரைவிரிப்பு, மேசை, நாற்காலி, தரையில் கிடக்கும் செய்தித்தாள் எல்லாம் சுடர் தொடாமலே புகையத் தொடங்கும். கசிந்த வாயுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். சில வினாடிகளுக்கு முன் 'அறையில் ஒரு பொருள் எரிகிறது' என்றிருந்த நிலை, 'அறையே எரிகிறது' என்று மாறிவிடும். இந்த மாற்றத்துக்குப் பெயர்தான் ஃப்ளாஷ்ஓவர்.

இதை வெடிப்பு என்று சொல்வது தவறு. கதவு தெறிக்காது, சுவர் விழாது. ஆனால் அந்த அறைக்குள் இருப்பவர் பிழைக்க வழியில்லை. தீயணைப்பு வீரரின் முழுப் பாதுகாப்பு உடைகூட அந்தச் சூட்டைச் சில வினாடிகளுக்கு மேல் தாங்காது.

எவ்வளவு நேரத்தில் இது நடக்கும்? அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகத்தினர் ஒரே அளவுள்ள அறைகளில் பழைய காலத்து அறைகலன்களையும் இன்றைய அறைகலன்களையும் தனித்தனியாக வைத்து எரித்துப் பார்த்தார்கள். பருத்தியும் மரமும் நிறைந்த பழைய அறை ஃப்ளாஷ்ஓவரை எட்ட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. பாலியூரித்தேன் நுரை அடைத்த சோபாவும் செயற்கை இழைத் துணிகளும் இருந்த புதிய அறை 5 நிமிடத்துக்குள் எட்டிவிட்டது. 'கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போகலாம்' என்பது பழைய அறையின் கணக்கு.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஃப்ளாஷ்ஓவர் என்பது வெப்பத்தின் வேலை. கூரையில் தேங்கிய புகை தரைவரை எல்லாவற்றையும் பற்றும் நிலைக்குச் சூடாக்குகிறது. இது நடக்க, தீ அந்த அளவுக்கு வளரும்வரை காற்று தொடர்ந்து கிடைக்க வேண்டும்.

## கதவு மூடியிருந்தால் காற்று எத்தனை நேரம் வரும்?

காற்று கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் பார்ப்பது நல்லது. கணக்கு எளியதுதான், விடைதான் பலரை வியக்க வைக்கும்.

எரியும் பொருள் மரமானாலும் நுரையானாலும், ஒரு கிலோ ஆக்சிஜன் செலவாகும்போது வெளிவரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒரே அளவு: சுமார் 13 மெகாஜூல். 1917-ல் தார்ன்டன் என்பவர் கவனித்த இந்த ஒற்றுமைதான் இன்றைய தீ ஆய்வுக்கூடங்களில் தீயின் வலிமையை அளக்க அடிப்படை. காற்றில் எடைக்கணக்கில் ஏறத்தாழ கால் பங்குதான் ஆக்சிஜன். ஆகவே ஒரு கிலோ காற்றால் சுமார் 3 மெகாஜூல் வெப்பத்தை வெளிக்கொணர முடியும்.

நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் என ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 36 கன மீட்டர். உள்ளே இருக்கும் காற்றின் எடை சுமார் 43 கிலோ. அந்த ஆக்சிஜன் முழுவதும் எரிந்தால் 130 மெகாஜூல் வரும். ஆனால் முழுவதும் எரியாது. காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 15 சதவீதம் அளவுக்கு இறங்கும்போதே சுடர் தள்ளாடத் தொடங்கிவிடும். சூடேறிய அறையில் இந்த எல்லை இன்னும் கொஞ்சம் கீழே போகும். தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் என்று கொண்டால் கிடைப்பது 43 மெகாஜூல்.

நுரை ஒரு கிலோ எரிந்தால் சுமார் 25 மெகாஜூல் வெப்பம். அப்படியானால் அந்த அறைக்குள் உள்ள காற்றால் இரண்டு கிலோ நுரையைக்கூட முழுதாக எரிக்க முடியாது. சோபாவில் பெரும்பகுதி மிச்சம் கிடக்கும்போதே காற்று தீர்ந்துவிடும்.

இது எப்போது நடக்கும்? வேகமாக வளரும் சோபாத் தீ ஒன்று ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் 1 மெகாவாட் அளவை எட்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அது வெளிவிட்ட மொத்த வெப்பம் 50 மெகாஜூல். அறையின் காற்று தாங்கக்கூடியதும் அவ்வளவுதான். ஆக, கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் இரண்டு, மூன்று நிமிடங்களில் தீ மூச்சுமுட்டத் தொடங்கும். சுடர் சுருங்கும். சில சமயம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

இந்த இடத்தில்தான் 'தீ தானாக அணைந்துவிட்டது' என்று ஏமாறுகிறார்கள். சுடர் அடங்கியது உண்மை, சூடு அடங்கவில்லை. சோபாவும் சுவரும் கூரையும் இன்னும் கொதிநிலையில் இருக்கின்றன. அந்தச் சூட்டில் நுரை தொடர்ந்து சிதைந்து வாயுவைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. எரிக்கக் காற்றில்லாததால் அந்த வாயு அறைக்குள்ளேயே சேர்கிறது. தணல் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. எரிபொருள், சூடு, பொறி எல்லாம் தயார். காற்று மட்டும் கதவுக்கு வெளியே நிற்கிறது.

இந்த நிலைக்குத் துறையில் உள்ளவர்கள் வைத்த பெயர் 'காற்றோட்டம் கட்டுப்படுத்தும் தீ'. அதாவது, தீ எவ்வளவு பெரிதாகலாம் என்பதை இப்போது தீர்மானிப்பது உள்ளே உள்ள பொருள் அல்ல, உள்ளே வரும் காற்று.

## கதவைத் திறக்கும் அந்த நொடி

600 டிகிரிச் சூட்டில் புகை விரிந்து லேசாகிவிடுகிறது. வெளிக்காற்று கன மீட்டருக்கு 1.2 கிலோ எடை என்றால், உள்ளே இருக்கும் புகை 0.4 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு. இந்த எடை வித்தியாசம்தான் கதவைத் திறந்ததும் வேலையைத் தொடங்குகிறது. லேசான புகை கதவின் மேல்பாதி வழியாக வெளியே பாயும். அது விட்டுப்போகும் இடத்தை நிரப்ப, கனமான குளிர்ந்த காற்று கீழ்ப்பாதி வழியாக உள்ளே நுழையும். யாரும் விசிறவில்லை, காற்றாடி ஓடவில்லை. கதவே இரண்டு வழிப் பாதையாகிவிடுகிறது. மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் நடுவில் உள்ள கோட்டை நடுநிலைத் தளம் என்பார்கள். புகை சூழ்ந்த வாசலில் அது கண்ணுக்கே தெரியும்.

எவ்வளவு காற்று நுழையும்? முழுவதும் தீப்பிடித்த அறைக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. திறப்பின் பரப்பை (சதுர மீட்டரில்) அதன் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் பெருக்கி, பாதியாக்கினால், ஒரு வினாடிக்கு உள்ளே வரும் காற்று கிலோவில் கிடைக்கும். 0.9 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சாதாரணக் கதவுக்கு இது வினாடிக்கு சுமார் 1.27 கிலோ. ஒரு கிலோவுக்கு 3 மெகாஜூல் என்றால், அந்தக் கதவால் ஏறத்தாழ 3.8 மெகாவாட் தீக்கு உணவளிக்க முடியும். அதே கதவுள்ள அறை ஃப்ளாஷ்ஓவருக்குப் போகத் தேவைப்படுவது சுமார் 1.9 மெகாவாட். தேவையைவிட இருமடங்கு காற்று ஒரே கதவில் வந்துவிடுகிறது.

அதே கதவு 10 சென்டிமீட்டர் மட்டும் திறந்திருந்தால்? பரப்பு ஒன்பதில் ஒரு பங்கு. தீயும் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 0.42 மெகாவாட்தான். ஃப்ளாஷ்ஓவருக்கு அது போதாது. கதவை 'முழுக்கத் திறப்பது', 'ஒருக்களித்து வைப்பது' என்பவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதைக் கவனியுங்கள். தீயணைப்பு வீரர்கள் கதவருகே ஒருவரை நிறுத்தி, குழாய் நுழையும் இடைவெளி மட்டும் விட்டுக் கதவைப் பிடித்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இந்த எண்கள்தான்.

காற்று வந்த பிறகு என்ன நடக்கும் என்பது, உள்ளே எவ்வளவு எரியாத வாயு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சிறு சுடராவது இன்னும் இருந்தால், காற்று அதைச் சென்றடைந்ததும் தீ மறுபடி வளரத் தொடங்கும். புகை அடுக்கு மீண்டும் சூடேறும். ஏற்கெனவே எல்லாம் சூடாக இருப்பதால் இந்த இரண்டாவது வளர்ச்சி முதலாவதைவிட வேகமானது. முடிவு ஃப்ளாஷ்ஓவர். வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது வகை. காற்றோட்டத்தால் வந்த ஃப்ளாஷ்ஓவர் என்று இதைச் சொல்லலாம். யூ.எல். ஆய்வகம் 2010-ஐ ஒட்டி முழு வீடுகளைக் கட்டி எரித்துச் செய்த சோதனைகளில், திறப்பு ஏற்படுத்தியதிலிருந்து ஃப்ளாஷ்ஓவர் வரை ஒரே தளம் கொண்ட வீட்டில் சராசரியாக சுமார் 100 வினாடி, இரண்டு தளம் கொண்ட வீட்டில் சுமார் 200 வினாடி பிடித்தது.

இந்த 100 வினாடிதான் ஆளைக் கொல்லும் ஏமாற்று. கதவைத் திறந்த உடனே ஒன்றும் ஆகாது. புகை கொஞ்சம் விலகும், உள்ளே கொஞ்சம் தெரியும், 'பரவாயில்லை, எட்டிப் பார்த்து வந்துவிடலாம்' என்று தோன்றும். உள்ளே போய்த் திரும்புவதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

## பேக்டிராஃப்ட்: காற்று பற்றவைக்கும் அறை

அறை இறுக மூடியிருந்து, வெகுநேரம் புகைந்து, சுடர் அறவே போய், எரியாத வாயு அடர்த்தியாகச் சேர்ந்துவிட்டால் கதை மாறும்.

1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் ஃப்ளைஷ்மன் என்ற ஆய்வாளர் இதை ஒரு சிறிய அறையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். 1.2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், 2.4 மீட்டர் நீளம் உள்ள பெட்டி. உள்ளே மீத்தேன் எரியும். பெட்டி மூடியே இருக்கும்; காற்று தீர்ந்து சுடர் அணையும்; வாயு மட்டும் தொடர்ந்து சேரும். பிறகு ஒரு பக்கத்துத் திறப்பைச் சட்டென்று திறப்பார்கள்.

அவர் கண்ட வரிசை இது. குளிர்ந்த காற்று தரையை ஒட்டி ஒரு நாக்கு போல உள்ளே ஊர்ந்து போகிறது. இதை ஈர்ப்புப் பாய்வு என்பார்கள்; கனமான காற்று லேசான வாயுவின் அடியில் புகுந்து நகர்வது. அந்த நாக்கின் மேற்பரப்பில் காற்றும் வாயுவும் சுருண்டு கலக்கின்றன. கலவை எரியக்கூடிய விகிதத்தை அடைகிறது. ஆனால் இன்னும் பற்றவில்லை. நாக்கு எதிர்ச்சுவரை எட்டி, அங்கே பொறியையோ தணலையோ தொட்டதும் கலவை பற்றுகிறது. காற்றும் வாயுவும் கலந்த பகுதி வழியே தீ வாசலை நோக்கி ஓடி வருகிறது. எரிந்து விரியும் வாயு, இன்னும் எரியாமல் இருக்கும் வாயுவையும் தனக்கு முன்னே வாசலுக்கு வெளியே தள்ளுகிறது. வெளியே காற்று தாராளமாக இருப்பதால் அந்த வாயுவும் பற்றி, வாசலுக்கு வெளியே ஒரு தீப்பந்தாக உருள்கிறது. இதுதான் பேக்டிராஃப்ட்.

எரியாத எரிபொருள் அறை வாயுவின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் இது நடந்தது. அதற்குக் கீழே இருந்தபோது தீ மெல்ல ஊர்ந்து வந்ததே தவிரச் சீறவில்லை. எல்லாப் புகையும் பேக்டிராஃப்ட் ஆகாததற்குக் காரணம் இதுதான். பழைய வீடுகளில் இடுக்குகள் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, வாயு அந்த அடர்த்திக்குச் சேரவிடாமல் செய்துவிடும். இறுக அடைத்துக் கட்டிய கட்டடங்களில் அந்தக் கசிவு இல்லை.

ஆக வித்தியாசம் இது: ஃப்ளாஷ்ஓவரில் காற்று இருக்கிறது, வெப்பம் ஏறி எல்லை தாண்டுகிறது. பேக்டிராஃப்டில் வெப்பமும் எரிபொருளும் இருக்கின்றன, காற்று வந்து எல்லை தாண்ட வைக்கிறது. முன்னதில் அறை தீப்பிடித்தபடியே நிற்கும். பின்னதில் அழுத்தத்தோடு தீ வாசலைத் தாண்டி வெளியே பாயும்.

## நியூயார்க், வாட்ஸ் தெரு, 1994

துறையில் இன்றும் பாடமாகச் சொல்லப்படும் ஒரு விபத்தில் மேலே சொன்ன எல்லாமே வரிசையாக நடந்தது. 1994 மார்ச் 28 மாலை, மன்ஹாட்டனில் வாட்ஸ் தெரு 62-ஆம் எண் கட்டடம். கீழ்த்தளக் குடியிருப்பில் இருந்தவர் மாலை 6:25 அளவில் வெளியே கிளம்பினார். ஒரு பிளாஸ்டிக் குப்பைப் பையைக் கேஸ் அடுப்பின் மேலே விட்டுப் போயிருந்தார். அடுப்பின் சிறு சுடர் அதைப் பற்றவைத்தது.

குடியிருப்பு புதுப்பிக்கப்பட்டு, வெப்பம் வெளியேறாதபடி நன்றாக அடைக்கப்பட்டிருந்தது. தீ கொஞ்சம் வளர்ந்தது, காற்று தீர்ந்தது, அடங்கியது. பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, மிகக் குறைந்த ஆக்சிஜனில் புகைந்துகொண்டே இருந்தது. வெளியே தெரிந்த ஒரே அறிகுறி புகைபோக்கியிலிருந்து வந்த புகையும் தீப்பொறிகளும். 7:36-க்கு அழைப்பு வந்தது.

வீரர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தார்கள். ஓர் அணி கீழ்த்தளக் குடியிருப்பின் கதவை உடைத்தது. மற்றோர் அணி படிக்கட்டில் ஏறி, மேல்தளத்தில் நின்றது. கூரையில் இருந்தவர்கள் புகை வெளியேற வசதியாகப் படிக்கட்டுக்கு மேலே திறப்பு ஏற்படுத்தினார்கள். வழக்கமான நடைமுறைதான். ஆனால் அந்தத் திறப்பால் படிக்கட்டே ஒரு நீண்ட புகைபோக்கியாகிவிட்டது.

கதவு திறந்ததும் கீழே இருந்தவர்கள் உணர்ந்தது காற்று உள்ளே பாய்வது. அடுத்து கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று வெளியே வந்தது. சுடும் அளவுக்குக்கூட இல்லை. பிறகு கதவின் மேற்பகுதியிலிருந்து ஒரு பெரும் தீ வெளியேறி, நேராகப் படிக்கட்டில் மேலே போனது. கீழே நின்றவர்கள் குனிந்து தப்பினார்கள். மேல்தளத்தில் நின்ற மூவரால் தப்ப முடியவில்லை, மூவரும் இறந்தார்கள்.

தீ வாசல் வழியே ஆறரை நிமிடம் தொடர்ந்து பாய்ந்தது. சாதாரண பேக்டிராஃப்ட் சில வினாடிகளில் முடிந்துவிடும் என்பதால் இந்த ஆறரை நிமிடம் எல்லோரையும் குழப்பியது. அமெரிக்காவின் தேசிய தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் புக்கோவ்ஸ்கி கணினி மாதிரியில் இதை மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் காற்றில்லாமல் புகைந்த தீ, அந்தக் குடியிருப்பை நிறைக்குமளவு எரியாத வாயுவைச் சேர்த்து வைத்திருந்தது. கதவு திறந்ததும் தீயின் வலிமை சில வினாடிகளில் 5 மெகாவாட்டை நெருங்கியது, படிக்கட்டில் வெப்பம் 1200 டிகிரியைத் தாண்டியது. எரிபொருள் அவ்வளவு இருந்ததால்தான் அவ்வளவு நேரம் ஓடியது. தொடக்கத்தில் எரிந்ததோ, ஒரு குப்பைப் பை.

## அறிகுறிகள், அவற்றின் எல்லை

ஃப்ளாஷ்ஓவர் நெருங்குவதைப் புகை அடுக்கு காட்டிக்கொடுக்கும். அது வேகமாகக் கீழிறங்கும். நிற்க முடியாத சூடு ஆளைக் குனிய வைக்கும். புகைக்குள் விரல் விரலாகச் சுடர்கள் தோன்றி மறையும். அதாவது புகையே அங்கங்கே பற்றத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு கையில் இருப்பது வினாடிகள் மட்டுமே.

பேக்டிராஃப்டுக்கான அறிகுறிகள் வேறு. உள்ளே சுடர் தெரியாது, ஆனால் கதவும் ஜன்னலும் சுடும். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையோடு கருத்திருக்கும். இடுக்குகள் வழியாகப் புகை ஒரே சீராக வராமல், மூச்சு விடுவதுபோல வெளியே தள்ளி மறுபடி உள்ளே இழுபடும். உள்ளே காற்று கொஞ்சம் நுழைந்ததும் தீ கிளர்ந்து புகையை வெளியே தள்ளுகிறது. காற்று தீர்ந்ததும் குளிர்ந்து சுருங்கி உள்ளே இழுக்கிறது. திறந்த பிறகு காற்று சீட்டி அடிப்பதுபோல உள்ளே விரைந்தால், நேரம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

புகையின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியாக வராது. மஞ்சள் கலந்த பழுப்புப் புகை வந்தால் பேக்டிராஃப்ட் என்று சிலர் சொல்வார்கள். எரியும் பொருளைப் பொறுத்து நிறம் மாறும். வாட்ஸ் தெருவில் கதவு திறந்தபோது வந்த காற்று வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அறிகுறி இருந்தால் ஆபத்து நிச்சயம். அறிகுறி இல்லாததால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

## கதவின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

எரியும் அறைக்குள் இருந்து நீங்கள் வெளியேறினால், கதவை இழுத்து மூடிவிட்டு வெளியேறுங்கள். பூட்ட வேண்டாம். மூடினாலே தீயின் காற்று நிற்கிறது, புகை அறைக்குள் அடைபடுகிறது. யூ.எல். சோதனைகளில், கதவு மூடிய படுக்கையறையில் வெப்பம் 38 டிகிரிக்குக் கீழே இருந்தபோது, கதவு திறந்திருந்த அறையில் 540 டிகிரியைத் தாண்டியது. ஒரே வீடு, ஒரே தீ, நடுவில் ஒரு சாதாரண மரக்கதவு.

மூடிய கதவின் வெளியே நின்று உள்ளே தீ இருக்குமோ என்று சந்தேகப்பட்டால், புறங்கையால் கதவின் மேற்பகுதியையும் கைப்பிடியையும் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை வேண்டாம், சுட்டுவிட்டால் பிறகு அந்தக் கை எதற்கும் உதவாது. சூடாக இருந்தாலோ, இடுக்கில் புகை வந்தாலோ திறக்காதீர்கள். வெளியேறி, தீயணைப்பு நிலையத்தை அழைத்து, எந்த அறை, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது மிகப் பயனுள்ள தகவல். புகை வெளியேறட்டும் என்று ஜன்னல் கண்ணாடியை உடைப்பது உதவி என்று நினைத்துச் செய்யப்படும் கெடுதல். ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள ஜன்னல், முன்பு சொன்ன அதே கணக்கில், 1.5 மெகாவாட் தீக்குக் காற்று தரும். புகை போவது உண்மைதான்; போகும் புகைக்கு ஈடாகக் காற்று வருகிறது.

தெரியாமல் திறந்துவிட்டால் உடனே மூடுங்கள். முதல் சில வினாடிகளில் மூடினால் உள்ளே போன காற்று சொற்பம். தீ அதைத் தின்றுவிட்டு மறுபடி அடங்கும். கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடினால் தீக்கு வினாடிக்கு ஒரு கிலோவுக்கு மேல் காற்று போய்க்கொண்டே இருக்கும்.

தீயணைப்பு வீரர்கள் அதே கதவைத் திறந்தாக வேண்டும். ஆனால் வரிசை மாறாமல் திறப்பார்கள். முதலில் குழாயில் தண்ணீர் வந்து நிற்க வேண்டும். கதவுக்கு நேரே நிற்காமல், பக்கவாட்டில் தாழ்ந்து, சுவரின் மறைவில் இருப்பார்கள். கதவைச் சற்றே திறந்து, மேலே தேங்கிய புகைக்குள் பனித்துளி போன்ற நுண்ணிய நீரைக் குறுகிய வீச்சுகளாக அடித்து, மீண்டும் மூடுவார்கள். நீர் ஆவியாகும்போது வாயுவின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. நீராவி கலந்து அதன் எரியும் தன்மையும் குறைகிறது. இதைச் சில முறை செய்த பிறகுதான் உள்ளே நுழைவார்கள். பேக்டிராஃப்ட் அறிகுறி வலுவாக இருந்தால் வாசலைத் தொடும் முன் அறைக்கு நேர் மேலே, கூரையில் வழி ஏற்படுத்தி, எரியாத வாயுவை ஆள் இல்லாத திசையில் வெளியேற்றப் பார்ப்பார்கள். அந்த வழியின் கீழே படிக்கட்டோ, அதில் வேறோர் அணியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது இப்போது கட்டளையிடும் அதிகாரியின் முதல் கேள்விகளில் ஒன்று.